பொதுத்தேர்வுக்கு முந்தைய நாள்: தலைமையாசிரியரின் பேச்சும் அதன்பின் வந்த கேள்விகளும்

"நாளைக்குப் பரீட்சை. இன்னைக்குப் போய் எதுக்கு சார் கூட்டம்? வீட்டுல இருந்தா ஒரு பாடமாவது திருப்பிப் பார்த்திருப்பான்."

படிப்பைப் பற்றி நான் எதுவும் பேசப்போவதில்லை. அதற்கான காலம் முடிந்துவிட்டது. தேர்வறைக்குள் எது குற்றம், எது குற்றமில்லை என்று சொல்லிவிடத்தான் பிள்ளைகளையும் உங்களையும் சேர்த்து உட்கார வைத்தேன். நான் பார்த்தவரை, திட்டம் போட்டுக் காப்பியடித்து மாட்டுகிற பையன்கள் குறைவு. குற்றம் என்றே தெரியாமல் ஒன்றைச் செய்துவிட்டு மாட்டுகிறவர்கள்தான் பாவம். சட்டைப்பையில் மறந்துபோன ஒரு துண்டுத்தாள், பதற்றத்தில் போட்ட ஒரு குறுக்குக்கோடு, கும்பிட்டுவிட்டு எழுதிய ஒரு வரி, இப்படித்தான் ஆரம்பிக்கிறது. விதி உங்கள் மனசில் என்ன இருந்தது என்று பார்க்காது. கையில் என்ன இருந்தது, தாளில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கும்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளுக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளை சி.பி.எஸ்.இ.யில் எழுதினால் அவர்கள் நேரமும் விதியும் வேறு. அதைக் கேட்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"பத்து மணிக்குத்தானே பரீட்சை? ஏன் சார் ஒன்பதரைக்கே வரச் சொல்றீங்க?"

நாளைக்கு நீங்கள் எழுதப்போவது நம் பள்ளியில் இல்லை. தேர்வு மையம் வேறு பள்ளி. வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலில் பதிவு எண்ணைத் தேடி, அறையைக் கண்டுபிடித்து, பையை வெளியே வைத்து, சோதனை முடிந்து உட்கார அரைமணி நேரம் சரியாக இருக்கும். பத்து மணிக்குப் பேருந்தை விட்டு இறங்குகிறவன் முதல் பக்கத்தை மூச்சிரைக்க எழுதுவான்.

பத்து மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். பத்து மணி பத்து நிமிடம் வரை படிக்க மட்டும்தான். அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்புத்தாளைச் சரிபார்க்க. பத்தேகாலுக்குத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும். ஒன்றேகாலுக்கு முடிக்க வேண்டும். முழுசாக மூன்று மணி நேரம் உங்களுடையது. அந்த முதல் பதினைந்து நிமிடத்தை யாரும் உங்களிடமிருந்து பறிக்கவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் பலர் தெரிந்த கேள்வியைத் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒன்று வினாத்தாளின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கிறது. எல்லா வினாக்களும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், அச்சில் குறை இருந்தால் உடனே அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்ல வேண்டும். பக்கம் பக்கமாகப் புரட்டி வினா எண்களைத் தொடர்ச்சியாகப் பாருங்கள். பன்னிரண்டரை மணிக்கு "சார், எனக்கு ஒரு பக்கம் வெள்ளையா இருக்கு" என்று எழுந்து நின்றால் வேறு தாள் கிடைக்கும், போன நேரம் கிடைக்காது.

அப்புறம் கட்டாய வினா. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு மதிப்பெண் பகுதியில் பதினான்கில் பத்து எழுதச் சொல்வார்கள், ஆனால் 28ஆவது வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண் பகுதியிலும் அப்படித்தான், 42ஆவது வினா கட்டாயம். அதைக் கவனிக்காமல் வேறு பத்தை எழுதியவனுக்கு ஒன்பதுக்குத்தான் மதிப்பெண். அந்தப் பத்து நிமிடத்தில் இதை மனசில் குறித்துக்கொள்ளுங்கள். மனசில்தான், வினாத்தாளில் இல்லை. வினாத்தாளில் பதிவு எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கும். அதைத் தவிர வேறு எதையும் எழுதாதீர்கள். டிக் போடுவது, விடையை ஓரத்தில் குறிப்பது எல்லாம் பக்கத்தில் இருப்பவனுக்குக் காட்டுவதற்காகச் செய்தது என்று எடுத்துக்கொள்ளப்படும்.

"முகப்புத்தாள்ல என் போட்டோவே இல்லாம வேற யாரோ இருந்தா?"

நடக்கக்கூடியதுதான். முகப்புத்தாளில் உங்கள் புகைப்படம், பெயர், பதிவு எண், பாடம் எல்லாம் முன்பே அச்சாகி, விடைத்தாளோடு சேர்த்துத் தைக்கப்பட்டே வரும். கூடவே ஒரு பார்கோடும் இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டும். அறையில் ஒருவர் வராமல் போய், கண்காணிப்பாளர் அந்த இடத்தை விடாமல் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தால், அவருக்குப் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் ஒரு தாள் தள்ளிப்போய்விடும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் பார்க்க வேண்டுமே.

வேறு ஒருவருடைய தாளாக இருந்தாலும், உங்கள் தாளிலேயே பாடமோ பயிற்றுமொழியோ தவறாக இருந்தாலும் பேனாவைத் திறக்காமல் கையைத் தூக்குங்கள். நீங்களே அடித்துத் திருத்த வேண்டாம். கண்காணிப்பாளர் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோய்ச் சரிசெய்து தருவார். அதற்காகத்தான் அந்த ஐந்து நிமிடம். அவசரத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டால் இரண்டு பிள்ளைகளுடைய தாளும் சேர்ந்து சிக்கலாகும்.

ஹால் டிக்கெட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் அழுதுகொண்டு வாசலில் நிற்காதீர்கள். மையத்தில் நம் பள்ளி ஆசிரியர் ஒருவர் நிற்பார், அவரிடம் ஓடுங்கள். அவர் எனக்குப் பேசுவார். இயக்ககத்தின் தளத்திலிருந்து பதிவிறக்கிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்ததே நான்தான் என்பதால் இன்னொன்று எடுக்க வழி இருக்கிறது. இதற்கும் சேர்த்துத்தான் ஒன்பதரை.

"எப்பவும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் சார் ஆரம்பிப்பேன். அதுகூடக் கூடாதா?"

கூடாது தம்பி. பிள்ளையார் சுழி, சிலுவை, 786, ஓம், "ஆண்டவர் துணை" எதுவுமே விடைத்தாளில் வேண்டாம். பெயர், ஊர், பள்ளிப் பெயர், பதிவு எண் இவற்றையும் உள்பக்கங்களில் எங்கேயும் எழுதக் கூடாது.

காரணம் சாமி மேல் உள்ள கோபம் இல்லை. திருத்தும் முகாமுக்குப் போகும்போது முகப்புத்தாள் பிரிக்கப்பட்டுவிடும். திருத்துகிற ஆசிரியருக்கு இது யாருடைய தாள், எந்த ஊர்த் தாள் என்று தெரியக் கூடாது. பார்கோடு முறையே அதற்காக வந்ததுதான். அங்கே ஒரு தாளில் மட்டும் தனியாக ஒரு குறி இருந்தால், "இது நம்ம ஆள் தாள், பார்த்துக்கோங்க" என்று யாரோ முன்பே பேசிவைத்த அடையாளமோ என்ற சந்தேகம் வரும். நீங்கள் பக்தியில் போட்டீர்களா, பேசிவைத்துப் போட்டீர்களா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கருணை மனு மாதிரி கடைசிப் பக்கத்தில் "ஐயா, எனக்கு அப்பா இல்லை, தயவுசெய்து பாஸ் போடுங்கள்" என்று எழுதுவதும் இதே கணக்கில்தான் சேரும். ரூபாய் நோட்டைத் தாளுக்குள் வைப்பதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். சுழியை வீட்டு வாசலில் கோலத்தோடு போட்டுவிட்டு வாருங்கள்.

பேனா நிறமும் இதனால்தான். நீலம் அல்லது கறுப்பு, எழுதவும் அடிக்கோடிடவும் இரண்டில் ஒன்று. படத்துக்குப் பென்சில். ஸ்கெட்ச் பேனா, கலர் பென்சில், பச்சை மை எல்லாவற்றையும் வீட்டிலேயே வையுங்கள். ஒரே மையில் இரண்டு மூன்று பேனா வைத்துக்கொண்டால் நடுவில் நிறம் மாறாது.

"கணக்கு சரியா எழுதலைன்னா எல்லாத்தையும் கோடு போட்டு அடிச்சிட்டு ஜூலையில எழுதிக்கலாம்னு ஃபிரெண்ட்ஸ் சொல்றாங்க. அப்படிச் செய்யலாமா சார்?"

இன்றைக்கு நான் பேசியதிலேயே இதுதான் முக்கியம். பிளஸ் டூ பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

முதலில் இந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். நம் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றுவிட்டால் மதிப்பெண்ணை உயர்த்துவதற்காக அதை மறுபடி எழுத முடியாது. தோற்றவர்களுக்குத்தான் துணைத்தேர்வு. அதனால் எழுபது வாங்குவதைவிடத் தோற்றுவிட்டு, ஜூலையில் எழுதித் தொண்ணூறு வாங்கலாம் என்று ஒரு கணக்கு. கேட்பதற்குப் புத்திசாலித்தனமாக இருக்கும்.

ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். பொறியியல் சேர வேண்டும் என்று இருக்கிறான். பொறியியல் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடுவார்கள். கணக்கு மதிப்பெண் அப்படியே நூறுக்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப்பாதியாக ஐம்பது ஐம்பதுக்கு. இவன் இயற்பியலில் 90, வேதியியலில் 92 வரும் என்று நம்புகிறான். பாதியாக்கினால் 45, 46. கணக்குத் தேர்வு அன்று பன்னிரண்டே முக்காலுக்குப் பார்த்தால் எழுதியவரை எழுபதுதான் தேறும்போல் இருக்கிறது. ஆக 161. தொண்ணூறு வாங்கியிருந்தால் 181. அந்த இருபதை நினைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை குறுக்கே கோடு கோடாக இழுத்துவிடுகிறான்.

எழுதிய விடைகள் எல்லாவற்றையும் தானே கோடிட்டு அடிப்பதை அரசுத் தேர்வுகள் இயக்ககம் ஒழுங்கீனச் செயலாக வகைப்படுத்தியிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் தேர்வுக்கு முன்னால் அறிக்கையாகவே சொல்கிறார்கள். அந்தத் தேர்வரின் முடிவு நிறுத்தப்படும், அடுத்த இரண்டு பருவங்களுக்குத் தேர்வெழுத அனுமதி இல்லை. இப்போது இவன் கதையைப் பாருங்கள். எந்த ஜூலையை நம்பி அடித்தானோ அந்த ஜூலை போயிற்று. அது முதல் பருவம். அடுத்த மார்ச் இரண்டாவது பருவம், அதுவும் போயிற்று. அதற்கடுத்த ஜூலையில்தான் உட்கார முடியும். 161ஐ 181 ஆக்கப்போனவனுக்கு இந்த ஆண்டும் இல்லை, அடுத்த ஆண்டும் ஏறக்குறைய இல்லை.

சரி, தண்டனையே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் கணக்கு உதைக்கும். ஜூலையில் எழுதித் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு நடக்கிறது. ஆனால் அது முதன்மைக் கலந்தாய்வு முடிந்து மிச்சம் இருக்கும் இடங்களுக்கு. கையில் 181 இருந்தாலும் எதிரே இருப்பது மற்றவர்கள் எடுத்துவிட்டுப் போன பட்டியல். 161ஓடு முதல் கலந்தாய்வில் நின்றவனுக்கு இதைவிட நல்ல கல்லூரி கிடைத்திருக்க வாய்ப்புண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. பன்னிரண்டே முக்காலுக்குப் போடும் மதிப்பீடு பெரும்பாலும் தப்பு. கணக்கில் விடை தவறினாலும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. விட்டுப்போன கேள்வி மட்டும்தான் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியும், எழுதியது தெரியாது.

இதைக் கேட்டுவிட்டுப் பயந்து, தவறாக எழுதிய ஒரு விடையைக்கூட அடிக்காமல் விட்டுவிடாதீர்கள். ஒரு கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டால் அதன் மேல் ஒரே கோடு போட்டுவிட்டுக் கீழே மறுபடி போடலாம். வினா எண்ணைத் தவறாக எழுதியிருந்தால் அடித்துத் திருத்தலாம். இது எல்லோரும் செய்வதுதான். எழுதாமல் விட்ட வெற்றுப் பக்கத்தில் கோடு போடும்படி கண்காணிப்பாளர் சொன்னால் போடுங்கள், அதுவும் குற்றமில்லை. குற்றம் எது என்றால், எழுதிய அத்தனையையும் நீங்களே அழிப்பது.

பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த யோசனையைச் சில வீடுகளில் பெரியவர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். "பிசிக்ஸ் சரியில்லைன்னா விட்டுடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மாமாவோ சித்தப்பாவோ சொல்லியிருப்பார். இன்று இரவு சாப்பிடும்போது அதை நீங்களே திருப்பிச் சொல்லிவிடுங்கள்.

"பஸ்ல படிச்ச பேப்பர் பாக்கெட்லயே இருந்து, பறக்கும் படை பிடிச்சா? நான் காப்பியே அடிக்கலைன்னு சொல்லலாம்ல?"

சொல்லலாம். எழுதிக் கொடுக்கவும் செய்யலாம். ஆனால் தாள் உங்கள் பையில்தானே இருந்தது? எழுத ஆரம்பிப்பதற்கு முன் கண்காணிப்பாளர் ஒரு அறிவிப்புச் செய்வார். பை, பாக்கெட், ஜியோமெட்ரி பாக்ஸ், ஹால் டிக்கெட் வைத்திருக்கும் கவர் எல்லாவற்றையும் பாருங்கள், ஏதாவது இருந்தால் கொடுத்துவிடுங்கள் என்பார். அந்த நேரத்தில் நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. யாரும் உங்களைத் திருடனாகப் பார்க்க மாட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு அமுக்கி வைத்தால்தான் வினை. பதினொன்றரைக்கு வேறொருவர் எடுத்தால் அது ஒழுங்கீன வழக்கு.

வழக்கு என்றால் என்ன நடக்கும்? விடைத்தாளை வாங்கிக்கொள்வார்கள். பிடிபட்ட தாளையும் அதோடு சேர்ப்பார்கள். உங்களிடம் எழுத்தில் விளக்கம் வாங்குவார்கள். கண்காணிப்பாளர், முதன்மைக் கண்காணிப்பாளர் அறிக்கைகளோடு எல்லாம் இயக்ககத்துக்குப் போகும். தண்டனையை அந்த அறையில் இருப்பவர் யாரும் முடிவு செய்வதில்லை. அதனால் அவர்கள் காலில் விழுவதாலும், வெளியே நிற்கும் அப்பா சத்தம் போடுவதாலும், கட்சிக்காரர் யாரையாவது கூட்டிவருவதாலும் எதுவும் மாறாது. கூடுதலாக ஒரு வரி அறிக்கையில் ஏறும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் சில பிள்ளைகள் செய்வது, சின்ன விஷயத்தைப் பெரிதாக்கிவிடுகிறது. துண்டுத்தாளை வாயில் போட்டு விழுங்குவது, கிழித்து ஜன்னல் வழியே எறிவது, விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஓடுவதும் கிழிப்பதும் தனிக் குற்றங்கள். அமைதியாக உட்காருங்கள், கேட்டதைக் கொடுங்கள், விளக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். பஸ்ஸில் படித்தது என்றால் பஸ்ஸில் படித்தது என்றே எழுதுங்கள். யாரோ சொல்லித்தர "தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று மட்டும் எழுதினால் காப்பியடித்ததை ஒப்புக்கொண்டதாகத்தான் படிப்பார்கள்.

இதற்கெல்லாம் இடமே கொடுக்காமல் இருக்க எளிய வழி, நாளை மையத்து வாசலில் பையைக் கீழே வைக்கும்போது பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டுங்கள், உங்களுக்கே. உள்ளங்கை, கைக்குட்டை, ஸ்கேலின் பின்பக்கம், எழுதும் அட்டையின் பின்பக்கம் இவற்றில் பழைய எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். அட்டையில் பழைய வாய்பாட்டை எழுதி வைத்த பிள்ளைகள் நம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளைப் பெண் ஆசிரியர்தான் சோதிக்க வேண்டும். வேறு யாராவது தொட வந்தால் மரியாதையாக மறுத்து, ஆசிரியை ஒருவரை வரச் சொல்லிக் கேளுங்கள்.

"ஒரு மார்க் கேள்விக்கெல்லாம் கண்காணிப்பாளரே விடை சொல்லிடுவாங்களாமே? அக்கா செட்டுல அப்படித்தான் நடந்துச்சாம்."

அக்கா செட்டில் என்ன நடந்ததோ எனக்குத் தெரியாது. அதை நம்பி ஒரு மதிப்பெண்ணைப் படிக்காமல் விட்டவர்களை மட்டும் எனக்குத் தெரியும்.

யாராவது விடை சொன்னாலும் எழுதாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம், அது எப்படிக் கண்டுபிடிக்கப்படுகிறது என்று தெரிவதால்தான். திருத்தும் முகாமில் ஒரு கட்டுத் தாளை ஒருவர் தொடர்ந்து திருத்துவார். சரியான விடை எல்லோரிடமும் ஒரே மாதிரி இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. தவறான விடை ஒரே மாதிரி இருந்தால்? அடுத்தடுத்து ஏழெட்டுத் தாளில் அதே தவறான குறியீடு, அதே எழுத்துப்பிழை என்றால் பேனா நின்றுவிடும். அறைக்குள் விடை சொல்கிறவர் பெரும்பாலும் அந்தப் பாட ஆசிரியராக இருக்க மாட்டார். தமிழாசிரியர் சொல்லும் வேதியியல் விடையில் தவறு இருக்கத்தானே செய்யும்?

ஒரு மதிப்பெண் வினாவில் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லி வினாத்தாளிலேயே இருக்கிறது. (இ) என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்.

"பின்னாடி இருக்கிறவன் என் பேப்பரைப் பார்த்து எழுதினா அது என் தப்பா?"

நீங்கள் காட்டியிருந்தால் ஆம். தாளைத் தள்ளிவைத்து அவனுக்குத் தெரியும்படி சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அதை யாரும் தற்செயல் என்று நம்ப மாட்டார்கள். இருவரும் ஒன்றாகவே எழுந்திருக்க வேண்டிவரும். உங்களுக்குத் தெரியாமல் அவன் பார்த்தால் உங்கள் மேல் தப்பில்லை. தெரிந்த நொடியில் தாளை இழுத்து மூடுங்கள். தொடர்ந்தால் கையைத் தூக்குங்கள். நண்பனைக் காட்டிக்கொடுப்பதா என்று யோசிக்க வேண்டாம், "சார், என் இடம் கொஞ்சம் மாற்ற முடியுமா" என்று கேட்டால் போதும், கண்காணிப்பாளருக்குப் புரிந்துவிடும்.

ரப்பர், ஸ்கேல், பேனா எதையும் கைமாற்றாதீர்கள். தேவையென்றால் கண்காணிப்பாளர் மூலமாகத்தான். கூடுதல் தாள் வாங்கியவர்கள் அதை நூலால் கட்டிக் கொடுக்கும் வரை இடத்தைவிட்டு எழ வேண்டாம். கட்டாத தாள் காற்றில் பறந்து பக்கத்து மேசையில் விழுந்தால் விளக்கம் சொல்வது உங்கள் பாடு.

"பொண்ணு தனியா பஸ்ல போறா. போனை ஆஃப் பண்ணிப் பையில வச்சுக்கட்டுமே?"

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் வேண்டாம். அணைத்து வைத்திருந்தாலும் தேர்வறைக்குள் போன் போன்தான். ஸ்மார்ட் வாட்ச்சும் அப்படியே. கண்காணிப்பாளர்களுக்கே உள்ளே போனுக்கு அனுமதி இல்லை. பையில் வைத்து வெளியே போட்டால் தொலைந்துபோகும், நடுத்தேர்வில் அடித்தால் பறக்கும் படை அந்தப் பைக்குச் சொந்தக்காரரைத் தேடிவரும். மணி பார்க்கச் சாதாரண முள் கடிகாரம் போதும்.

மையத்தில் நிற்கும் நம் ஆசிரியரின் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் அவர் போனிலிருந்து வீட்டுக்குப் பேசலாம். நான்கு பேராகச் சேர்ந்து போய்வர ஊர்வாரியாகப் பட்டியல் போட்டிருக்கிறோம், அறிவிப்புப் பலகையில் பாருங்கள்.

உடம்பு சரியில்லாத பிள்ளைகள் இன்றே சொல்லிவிடுங்கள். அம்மை போட்டிருந்தால்கூடத் தனியாக உட்கார வைத்து எழுத ஏற்பாடு செய்ய முடியும், முன்கூட்டியே தெரிந்தால். சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம் என்று மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உள்ள சலுகைகளுக்கு ஏற்கெனவே அனுமதி வாங்கியாகிவிட்டது. அந்த ஆணையின் நகலை ஹால் டிக்கெட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

"பரீட்சை முடிஞ்சு வந்ததும் கேள்வித்தாளை வாங்கி எவ்வளவு வரும்னு பார்த்துடலாமா?"

அப்பாக்கள் கேட்கும் கேள்வி இது. கடைசித் தேர்வு முடிந்த பிறகு பாருங்கள். நடுவில் வேண்டாம்.

தமிழ்த் தேர்வு அன்று சாயங்காலம் விடைக்குறிப்பை வைத்து ஒரு மதிப்பெண்ணில் மூன்று போயிற்று என்று கண்டுபிடித்தால், அதை வைத்து என்ன செய்ய முடியும்? தாள் கட்டி முத்திரை வைத்துப் போய்விட்டது. பிள்ளை அடுத்த தேர்வுக்கு உட்காரும்போது அந்த மூன்றைச் சுமந்துகொண்டு உட்காரும். மேலே சொன்ன "எல்லாத்தையும் அடிச்சிடலாம்" யோசனை பிறப்பதும் பெரும்பாலும் இந்த மாதிரி சாயங்காலத்தில்தான். சோறு போடுங்கள், தூங்கச் சொல்லுங்கள், அடுத்த தேர்வு என்றைக்கு என்று மட்டும் கேளுங்கள்.

திருத்தியது சரியில்லை என்ற சந்தேகம் வந்தால் அதற்கு முடிவுகள் வந்தபின் முறை இருக்கிறது. பிளஸ் டூவில் விடைத்தாளின் நகலை விண்ணப்பித்து வாங்கிப் பார்த்துவிட்டு, அதன்பின் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போகலாம். நகலைப் பாட ஆசிரியரிடம் காட்டாமல் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

பிள்ளை பேசாமல் ஒடுங்கிப்போனால், சாப்பிடாமல் இருந்தால், "நான் இருந்து என்ன" என்பதுபோல் ஏதாவது சொன்னால், அதைப் பரீட்சைப் பயம் என்று தள்ளிவிட வேண்டாம். 14417 பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண். 104லும் ஆலோசனை தருகிறார்கள். எந்த நேரமானாலும் எனக்கும் கூப்பிடலாம்.

"கடைசி நாள் இங்க் அடிச்சு விளையாடலாமா சார்? எல்லா செட்டும் விளையாடுவாங்க."

இதைக் கேட்டவன் யார் என்று எனக்குத் தெரியும், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

மையம் இன்னொரு பள்ளி. உங்களுக்கு முடிந்துவிட்டாலும் அங்கே வேறு பாடப்பிரிவுக்காரர்களுக்கு மறுநாளும் தேர்வு இருக்கும். கூடுதல் நேரம் வாங்கிய பிள்ளை உள்ளே எழுதிக்கொண்டிருக்கும். அந்த வளாகத்துக்குள் மை அடிப்பது, புத்தகத்தைக் கிழித்துப் பறக்கவிடுவது, விசில், பட்டாசு எதுவும் கூடாது. போன வருடச் சண்டைகளைப் பேசித் தீர்க்கப் பஸ் ஸ்டாண்டைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், சீருடையில் இருக்கும்வரை புகார் என்னிடம்தான் வரும். மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் கையெழுத்துப் போடப்போவதும் நான்தான்.

விளையாட ஆசையாக இருந்தால் மறுநாள் காலை பத்து மணிக்கு நம் பள்ளி மைதானத்துக்கு வாருங்கள். பழைய சட்டையோடு வாருங்கள், தங்கச்சி அடுத்த வருடம் போட வேண்டிய சீருடையோடு வேண்டாம். பாடப்புத்தகங்களைக் கிழிக்காமல் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், கீழ் வகுப்புக்காரர்கள் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள்.